இன்று வெட்டியது, காலை ஒன்பது மணிக்கு

விக்கிரவாண்டியில் பெரிய சாலையை விட்டுப் பண்ருட்டிப் பக்கம் திரும்பிவிட்டால், சித்திரையிலும் வைகாசியிலும் சாலையோரம் முழுக்கப் பலாப்பழக் குவியல்தான். அவற்றுக்கு நடுவே ஓலைப் பந்தலும் நுங்குக் குலைகளும் தெரியும். கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பனைகளில் நுங்கு பதமாக இருக்கும் அதே வாரங்களில்தான் பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் பழுக்கிறது. அதனால் ஒரே கடையில் இரண்டும் கிடைக்கும். சில வாரங்கள்தான், அப்புறம் இரண்டும் போய்விடும்.

இந்தக் கடைகள் சாலையில் போகிறவருக்குத் தங்களை அறிவிப்பது ஒரு பலகையால். ஒரு பக்கம் தகரத்தில் சுண்ணாம்பால் எழுதியது, இன்னொரு பக்கம் நுங்குப் படம் போட்டு அச்சடித்த ஃபிளெக்ஸ், அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரால் எழுதியதும் உண்டு. பெரும்பாலானவற்றில் இருப்பது பெயர் மட்டும்தான்: ‘நுங்கு’, ‘பலா’. வாங்க நிற்பவருக்குத் தெரியவேண்டியது அதைவிட அதிகம். இந்த இரண்டு பழங்களும் நாளுக்கு நாள், பலா விஷயத்தில் மணிக்கு மணி, மாறுகிறவை. பலகையில் எது இருந்தால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நல்லது என்பதை இந்தப் பழங்களின் போக்கிலிருந்தே பார்க்கலாம்.

முதலில் நுங்கு. பனையில் ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனி. பெண் பனையில்தான் காய். அந்தப் பெண் பனையிலும் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிவிட்டால் அந்தப் பாளையில் காய் பிடிக்காது. ஆகவே பனை வைத்திருப்பவர் பதநீரா நுங்கா என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும். காய் பிடித்த பிறகும் நுங்கு பதம் என்பது நடுவில் வந்துபோகும் ஒரு கட்டம்தான். ஆரம்பத்தில் கண்ணுக்குள் வெறும் நீர் போல இருக்கும். பிறகு அது கண்ணாடி போலத் தெளிந்த சதையாகத் திரண்டு, உள்ளே கொஞ்சம் நீரோடு நிற்கும். நாம் தேடுவது அதைத்தான். இன்னும் சில நாள் விட்டால் சதை வெளுத்து இறுகி, கடித்தால் தேங்காய்ப் பருப்பு போல ஆகிவிடும். அதைக் கடுக்காய் என்பார்கள். மரத்திலேயே விட்டுவைத்தால் ஆடி, ஆவணியில் பனம்பழமாகி விழும். அதன் கொட்டையைப் புதைத்தால் மார்கழி, தையில் பனங்கிழங்கு. நுங்கை வெட்டியவர் அந்தப் பழத்தையும் கிழங்கையும் விட்டுக்கொடுத்துத்தான் வெட்டுகிறார்.

ஒரு மரத்தில் பல குலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முதிர்வதால் வரத்து சில வாரங்களுக்கு நீள்கிறது. ஆனால் அதை இறக்கப் பனையேறி வேண்டும். குலையை மேலிருந்து போட்டால் காய் வெடித்துவிடும் என்பதால் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். மரம் ஏறுகிறவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துவிட்டார்கள். அவர் ஏறிய நாளில் கடையில் நுங்கு உண்டு, ஏறாத நாளில் இல்லை. கடைக்காரரின் சரக்கு மாதக் கணக்கில் திட்டமிட்டு வருவதில்லை, ஒருவருடைய உடம்பையும் காற்றையும் மழையையும் பொறுத்து வருகிறது.

பலா வேறு வகை. அது மரத்தில் முற்றினால் போதும், பழுப்பது இறக்கிய பிறகு. முற்றிய காயை வைத்தால் சில நாளில் வாசம் எழும்பும். முற்றியதா என்று பார்க்க இங்கே யாரும் கருவி வைத்திருக்கவில்லை. முட்கள் கூர்மை குறைந்து, விலகிப் படர்ந்திருக்க வேண்டும். தோலின் பச்சை மங்கி மஞ்சள் தட்ட வேண்டும். காம்பை ஒட்டிய இலை பழுத்திருக்கும். விரலால் தட்டினால் ‘டங்’ என்று இறுக்கமான ஒலி வந்தால் காய், ‘தொப்’ என்று மந்தமான ஒலி வந்தால் முற்றியது. முற்றாமல் இறக்கிய காய் எத்தனை நாள் வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். இறக்கும்போது கீழே விழுந்து அடிபட்ட பழம் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே அழுகத் தொடங்கும். பழுத்த பிறகு கையில் இருப்பது மிகக் குறைந்த நாள்தான். வெட்டிவிட்டாலோ அன்றைக்கே தீர்ந்தாக வேண்டும்.

இப்படி இரண்டு சரக்கை வைத்திருப்பவர் பருவத் தொடக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து விலையையும் அதிலேயே அச்சிட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் நுங்கு அபூர்வம், விலை ஏறி இருக்கும். வரத்து கூடக்கூட விலை இறங்கும். அச்சிட்ட விலை பத்தே நாளில் பொய்யாகிவிடும். அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி வேறு எண் எழுதினால், பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது சந்தேகம். பருவம் முடிந்தும் அந்த ஃபிளெக்ஸ் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். நுங்கே இல்லாத ஆடி மாதத்தில் நுங்குப் படத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஏமாந்தவர் அடுத்த ஆண்டு நிறுத்தமாட்டார். என் கருத்து தெளிவானது: குறுகிய பருவத்துச் சரக்குக்கு எழுதி அழிக்கிற பலகைதான் சரி. பெயரைப் பெயின்ட்டால் நிலையாக எழுதலாம். விலை, பதம், நேரம் மூன்றுக்கும் கரும்பலகை பெயின்ட் பூசிய இடத்தை விட்டுவைத்து, தினமும் காலையில் சாக்பீஸால் எழுத வேண்டும்.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். பண்ருட்டிக்குச் சற்று முன்னால், புளியமரத்து நிழலில், கணவன் மனைவி இருவர் நடத்தும் கடை என்று வைத்துக்கொள்வோம். அன்று அவர்களிடம் இருபது குலை நுங்கும் பதினைந்து பலாப்பழமும் இருக்கின்றன. கீழே சொல்லும் விலைகள் கணக்கை விளக்கத்தான், சந்தை விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அவர்களுடைய முதல் சிக்கல் தூரம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் பலகையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, நிறுத்தலாம் என்று முடிவு செய்ய மூன்று நொடி என்றால் 50 மீட்டர் போய்விட்டது. பின்னால் வருகிறவர் மோதாதபடி மெல்லப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 70 மீட்டர் வேண்டும். ஆக 120 மீட்டருக்கு முன்பே அவர் பலகையைப் படித்திருக்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து படிக்க எழுத்து ஓரடி உயரமாவது இருக்க வேண்டும். ஓரடி எழுத்தில் விலையும் விவரமும் எழுதப் பலகை கொள்ளாது.

அதற்கு இரண்டு பலகைதான் வழி. கடைக்கு 150 மீட்டர் முன்னால் ஒரு முன்பலகை. அதில் ‘நுங்கு, பலா – 150 மீட்டரில்’ என்பது மட்டும், அரையடி எழுத்தில். அதைப் படித்தவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். கடைக்கு எதிரே இரண்டாவது பலகை. அது நின்றவர் படிக்கிற பலகை, அதில் இரண்டு அங்குல எழுத்து போதும். முன்பலகையில் கோடு மெலிந்தால் தூரத்தில் எழுத்து கரைந்துவிடும். உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கோட்டின் தடிமன் இருக்க வேண்டும். ‘ங்’ மேல் புள்ளியும் ‘நு’, ‘கு’ இவற்றின் வளைவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுத வேண்டும். அடர் கறுப்பில் வெள்ளை அல்லது மஞ்சளில் கறுப்பு நன்றாகத் தெரியும். பச்சைத் தகரத்தில் சிவப்பு எழுதுகிறார்கள், பக்கத்தில் அழகு, தூரத்தில் ஒன்றும் தெரியாது. முன்பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டக் கூடாது, சாலை விளிம்பை ஒட்டியும் நடக் கூடாது. மணல் நிரப்பிய டின்னில் கழியை நட்டு, மாலையில் எடுத்து வைப்பதே நல்லது. சரக்கு தீர்ந்ததும் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இனி கடைப் பலகை. இங்கேதான் தகராறு பிறக்கிறது, பெரும்பாலும் அளவால். ‘நுங்கு 25’ என்று எழுதியிருக்கிறது.

“அக்கா, இருபத்தஞ்சுக்கு எத்தனை?”

“காய் இருபத்தஞ்சு, தம்பி.”

காய் என்றால் மூன்று கண் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கிறார். பெரும்பாலும் மூன்றுதான். ஆனால் இரண்டு கண் காயும் உண்டு, ஒற்றைக் கண்ணும் எப்போதாவது வரும். வெட்டிப் பார்த்தால் இரண்டுதான். அவருக்கு ஏமாந்த உணர்வு, அக்காவுக்கு வருத்தம், இரண்டு பேர் மேலும் தவறில்லை. ‘கண்’ கணக்கில் எழுதிவிட்டால் இந்தப் பேச்சே எழாது. சீவிய காயாக வாங்கினால் மூன்று கண் 25 ரூபாய், உரித்து எடுத்த நுங்கு பத்துக் கண் 100 ரூபாய் என்று பலகையில் இருக்கட்டும். காயாக எடுத்தால் ஒரு கண் எட்டு ரூபாய் சொச்சம், உரித்தது பத்து ரூபாய். நடுவில் இருக்கும் வித்தியாசம் அரிவாளால் சீவி, சிதையாமல் பெயர்த்தெடுக்கும் கைக்கூலி. அது நியாயமான கூலி. கண்ணெதிரே எழுதியிருந்தால் யாரும் பேரம் பேசமாட்டார்கள்.

பலாவில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. முழுப் பழம் கிலோ 40 ரூபாய், சுளை கிலோ 120 ரூபாய் என்று கடைக்காரர் விற்கிறார். கேட்பவருக்கு மூன்று மடங்கு என்று தோன்றும். 12 கிலோ பழம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோல், சடை, நடுத்தண்டு எல்லாம் போகக் கொட்டையோடு கூடிய சுளை 5 கிலோ அளவில் தேறும். கொட்டையையும் நீக்கினால் பழத்தில் மூன்றில் ஒரு பங்குதான், நாலு கிலோவுக்கு உட்பட்டது. முழுப் பழத்தை 480 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் கொட்டையோடு சுளை கிலோ 96 ரூபாய்க்கு விழுகிறது. அதற்குக் கையில் எண்ணெய் தடவி, பாலில் ஒட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து உரிக்க வேண்டும். கடையில் உரித்தது 120.

கடைக்காரர் பக்கம் பார்த்தால், அதே பழத்தைக் கிலோ 25 வீதம் 300 ரூபாய்க்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோவும் விற்றால் 600 வரும். ஒரு கிலோ விற்காமல் மாலையில் கழிந்தால் 480தான். வெட்டிய பழத்தில் ஒன்று உள்ளே அழுகியிருந்தால் அந்த 300 அப்படியே நட்டம். சுளை விலைக்குள் இந்த ஆபத்தும் அடக்கம்.

ஆகவே பலகையில் இரண்டு விலையும், ‘கொட்டையோடு’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். சில கடைகளில் ‘சுளை 12 ரூபாய்’ என்று பெரிதாகவும் ‘100 கிராம்’ என்று மூலையில் பொடி எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். தராசில் வைத்த பிறகு விலையைக் கேட்டு முகம் மாறுகிறது. வாங்கிக்கொண்டு போவார், திரும்ப வரமாட்டார். எண்ணும் அளவும் ஒரே உயரத்தில் எழுதப்பட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன்.

அடுத்தது பதம். நுங்கு வாங்குபவர்களில் வழவழப்பாக, கட்டைவிரலை விட்டு உறிஞ்சுகிற இளசைக் கேட்பவர் உண்டு, கொஞ்சம் கடித்துத் தின்னப் பிடித்தவரும் உண்டு. அன்றைய குலை எந்தப் பதம் என்று விற்பவருக்கு முதல் காயைச் சீவியதுமே தெரியும். கண்ணின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தினால் நீர்ப்பை போல அமுங்க வேண்டும். வெளுத்து, அழுத்தத்துக்கு அசையாமல் இருந்தால் கடுக்காய். பருவக் கடைசியில் ஒரே குலைக்குள் இரண்டும் கலந்து வரும். கடுக்காயைத் தனியாக எடுத்து வைத்து, ‘கடுக்காய் – பாதி விலை’ என்று எழுதலாம். அதை விரும்பி மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறையத் தின்றால் வயிறு வலிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். இளநுங்கோடு கலந்து பொட்டலத்தின் அடியில் போடுவதுதான் குற்றம்.

பலாவுக்குச் சொல்லவேண்டியது வருக்கனா கூழனா என்பது. வருக்கன் சுளை மொடமொடப்பாக, கையில் ஒட்டாமல் வரும். கூழன் குழைந்து, நாரோடு, தேன் போல இனிக்கும். பல்லில்லாத பாட்டிக்கு வாங்குகிறவர் கூழனைக் கேட்பார். ஒன்றை எதிர்பார்த்து வாங்கி மற்றொன்று கிடைத்தால் இனிப்பான பழமே கெட்ட பழமாகத் தோன்றும். மேலே இருந்து பார்த்துச் சொல்வது எளிதல்ல, எந்த மரத்துப் பழம் என்று தெரிந்தவருக்கே நிச்சயம். வெட்டிய பழத்துக்கு மட்டும் பெயரை எழுதினால் போதும்.

பிறகு நேரம். உரித்த நுங்கின் மேல்தோல் சில மணி நேரத்தில் பழுப்பேறத் தொடங்கும். வெயிலில் இருந்தால் புளிப்பு வாடை தட்டும். வெட்டிய பலாச்சுளை மேல் ஈயும் புழுதியும் உட்காரும், மாலைக்குள் விளிம்பு நீர்த்துப்போகும். அதனால்தான் ‘ஃபிரெஷ்’ என்ற சொல்லை விட ‘இன்று காலை 9 மணிக்கு வெட்டியது’ என்ற வரி நூறு மடங்கு பயனுள்ளது. பகல் இரண்டு மணிக்கு இன்னொரு பழம் வெட்டினால் 9ஐ அழித்துவிட்டு 2 எழுத வேண்டும். சாக்பீஸ் பிடித்த கை ஒரு நொடி வேலை செய்தால் வாங்குபவருக்கு வேறு எதுவும் கேட்கவேண்டியதில்லை.

இவ்வளவையும் சேர்த்தால் நம் கடையின் பலகை இப்படி அமையும்:

நுங்கு – இன்று இறக்கியது, இளசு
காய் (3 கண்) ரூ.25
உரித்தது 10 கண் ரூ.100

பலா – வருக்கன், காலை 9 மணிக்கு வெட்டியது
சுளை கொட்டையோடு 100 கிராம் ரூ.12 (கிலோ ரூ.120)
முழுப் பழம் கிலோ ரூ.40

பாத்திரம் கொண்டுவாருங்கள்

ஏழு வரிதான். இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் படிப்பவர் கண் தவறும். ‘உடல் சூட்டைத் தணிக்கும்’ போன்ற மருத்துவ வரிகளுக்கு இடம் இல்லை. அதிலும் பழுத்த பலாவுக்கு ‘சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ என்று எழுதுவது ஆபத்தான வேலை. பலாக்காயைப் பற்றி எங்கோ கேட்டதை இனிப்புச் சுளைக்கு ஏற்றிவிடுகிறார்கள். ‘கல் வைக்காத பழம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. செய்யக் கூடாததைச் செய்யவில்லை என்பதைப் பெருமையாக எழுதத் தேவையில்லை, ஒழுங்காக முற்றிய பலா தானே பழுக்கும். ‘பண்ருட்டிப் பலா’ என்ற பெயரையும் பண்ருட்டி மரத்தில் இறக்கியதற்கு மட்டுமே எழுத வேண்டும். கேரளத்துப் பழமும் நம் சந்தைகளுக்கு வருகிறது. அதுவும் நல்ல பழம்தான், அதன் பெயரிலேயே விற்கலாம்.

பருவத்தின் கடைசிப் பகுதியில்தான் பலகையின் நேர்மை சோதிக்கப்படுகிறது. கோடை மழை பெய்தால் பலாச்சுளை நீர்த்து, இனிப்பு மட்டுப்படும். மழைக்குப் பின் வெட்டிய முதல் பழத்தைத் தின்று பார்த்த விற்பனையாளருக்கு அது தெரிந்துவிடும். அன்று விலையைக் குறைத்து ‘மழை பட்ட பழம்’ என்று எழுதுகிறவரை நான் மதிக்கிறேன். எழுதினால் அன்றைய விற்பனை குறையும் என்பது உண்மை. ஆனால் நான்கு நாள் வெயிலுக்குப் பிறகு அவர் ‘இனிப்பு’ என்று எழுதும்போது நம்புவதற்கு ஆள் இருக்கும். இதேபோல ‘கடைசி நாள்’ என்ற வரி. பனையேறி இனி ஏறப்போவதில்லை, மரத்தில் மிச்சம் எல்லாம் கடுக்காய் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அதை எழுத வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து தொங்கும் ‘கடைசி நாள்’ பலகை அந்தச் சாலையில் தினமும் போகிற ஆசிரியருக்கும் பஸ் ஓட்டுநருக்கும் வேறொரு செய்தியைச் சொல்லிவிடும். அவர்கள்தான் அந்தக் கடையின் நிலையான வாடிக்கையாளர்கள்.

பலகையின் கடைசி வரிக்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. உரித்த நுங்கைப் பனையோலைப் பட்டையில் கொடுக்கலாம், அது நுங்குக்கு ஏற்ற பழைய வழி. ஆனால் பட்டை முடையவும் ஆள் வேண்டும், கூட்டம் வந்தால் தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து மூடியுள்ள பாத்திரம் ஒன்று வண்டியில் இருந்தால் நுங்கின் நீர் சிந்தாமல் வந்து சேரும்.

வாங்கப்போகிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையில் எண்ணைப் பார்த்ததும் அது காய்க்கா, கண்ணுக்கா, கிலோவுக்கா, நூறு கிராமுக்கா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் தராசில் வைக்கும் முன்பே கேளுங்கள். எப்போது வெட்டியது என்று கேளுங்கள். ‘இன்றைக்குக் கொஞ்சம் முற்றல்தான்’ என்று உண்மையைச் சொல்கிற அக்காவிடம் அன்று இரண்டு கண்ணாவது வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அவர் உண்மையையே சொல்வார். ஆனி பாதி கடந்துவிட்டால் நல்ல நுங்கு கிடைப்பது அரிது. போவதென்றால் வைகாசிக்குள் போய்விடுங்கள்.